வங்கிக் கட்டணம் மாறும் அறிவிப்பைப் புரியும்படி திருத்தி எழுதுவது எப்படி?

வங்கி அனுப்பும் கட்டண அறிவிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இது விளக்கத்துக்காக நானே எழுதிய மாதிரி. எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தட்டும் என்று தொகைகளை வெறும் எண்ணாகவே விட்டிருக்கிறேன். வரியையும் சேர்க்கவில்லை.

> மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, சேவைகளைத் தொடர்ந்து மேம்படுத்தும் எங்கள் முயற்சியின் ஓர் அங்கமாக, சேமிப்புக் கணக்குகளுக்கான சேவைக் கட்டண அமைப்பு 01.07 முதல் திருத்தியமைக்கப்படுகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். இதன்படி, சாதாரண சேமிப்புக் கணக்குகளில் பராமரிக்கப்பட வேண்டிய மாதச் சராசரி இருப்பு 10,000 என நிர்ணயிக்கப்பட்டுள்ளது. மேற்கண்ட இருப்பைப் பராமரிக்கத் தவறும் பட்சத்தில், பற்றாக்குறைத் தொகையில் 6 சதவீதம் அல்லது 500, இவற்றில் எது குறைவோ அது, கட்டணமாக வசூலிக்கப்படும். இம்மாற்றத்தை ஏற்க விரும்பாத வாடிக்கையாளர்கள் தங்கள் கிளையை அணுகலாம். மேலும் விவரங்களுக்கு எங்கள் இணையதளத்தைக் காண்க.

இதில் பொய் எதுவும் இல்லை. சட்டப் பிரிவில் இருப்பவர் படித்தால் தலையாட்டிவிட்டு அனுப்பிவிடுவார். ஆனால் கணக்கில் வழக்கமாக 7,000 வைத்திருக்கும் ஒருவர் இதைப் படித்தால், தன் பணத்துக்கு என்ன ஆகப்போகிறது என்று சொல்ல முடியுமா? முடியாது. அவர் அறிந்துகொள்ள வேண்டியவை சில இதில் இல்லை, இருப்பவையும் அவருக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. இந்த ஒரே அறிவிப்பை எடுத்து, அடி முதல் முடி வரை திருத்தி எழுதிப் பார்க்கலாம்.

பழைய எண் எங்கே?

மாற்றம் என்றால் முன்பு ஒன்று, இப்போது ஒன்று. மேலே உள்ள அறிவிப்பில் புதியது மட்டும்தான் இருக்கிறது. இதுவரை 5,000 வைத்திருந்தால் போதும், அதற்குக் கீழே போனால் எவ்வளவு குறைந்தாலும் மாதம் 100 மட்டும் பிடிப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு எண்களும் கண்ணில் படாதவரை, கட்டணம் ஏறியதா இறங்கியதா என்றே வாசகருக்குத் தெரியாது. "திருத்தியமைக்கப்படுகிறது" என்ற சொல்லும் அதைச் சொல்லாது. ஏறினால் ஏறுகிறது என்றும், இறங்கினால் இறங்குகிறது என்றும் எழுதத் தமிழில் நல்ல வினைச்சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தத் தயக்கம் வருவது புரிகிறது, கெட்ட செய்தியை நாமே ஏன் உரக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். ஆனால் வாடிக்கையாளருக்கு அந்தச் செய்தி எப்படியும் போய்ச் சேரத்தான் போகிறது. அறிவிப்பில் தெரியாவிட்டால் கணக்கில் பணம் குறைந்த அன்று தெரியும்.

அடுத்ததாக, "பற்றாக்குறைத் தொகையில் 6 சதவீதம் அல்லது 500, இவற்றில் எது குறைவோ அது" என்ற விதி. துல்லியமானது, ஆனால் வாசகரைக் கணக்குப் போட வைக்கிறது. அந்தக் கணக்கை எழுதுபவரே போட்டுக் கொடுத்துவிடலாம்.

| மாதச் சராசரி இருப்பு | இதுவரை கட்டணம் | இனி கட்டணம் |
|---|---|---|
| 12,000 | இல்லை | இல்லை |
| 7,000 | இல்லை | 180 |
| 4,000 | 100 | 360 |
| 1,000 | 100 | 500 |

7,000 உள்ளவருக்கு 10,000-ஐ எட்ட 3,000 குறைகிறது. அதில் 6 சதவீதம் 180. சராசரி 1,000 உள்ளவருக்கு 9,000 குறைகிறது, 6 சதவீதம் போட்டால் 540 வரும். உச்சவரம்பு 500 என்பதால் 500-தான் பிடிப்பார்கள்.

இந்த நான்கு வரிகளைப் போட்டுப் பார்த்த பிறகுதான், அறிவிப்பு யாருக்காக எழுதப்பட வேண்டும் என்பதே விளங்குகிறது. 10,000-க்கு மேல் வைத்திருப்பவருக்கு ஒன்றும் மாறவில்லை. 5,000-க்குக் கீழே இருப்பவர் ஏற்கெனவே கட்டணம் கட்டுபவர், இனி கூடுதலாகக் கட்டுவார். 5,000-க்கும் 10,000-க்கும் இடையில் இருப்பவரின் நிலைமை வேறு. அவர் இதுவரை ஒரு காசும் கட்டியதில்லை, அதனால் கட்டண அறிவிப்பு வந்தால் "இது நமக்கில்லை" என்று ஒதுக்கிவிடும் பழக்கம் அவருக்கு இருக்கும். முதன்முறையாகப் பணம் போகப்போவது அவருக்குத்தான். ஆகவே முதல் வரி அவரைக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். வங்கியிடம் ஒவ்வொரு கணக்கின் சராசரியும் இருக்கிறது. முடிந்தால் அவரவர் கணக்குக்கு ஏற்ப மூன்று விதமான கடிதங்கள் அனுப்புவதே நல்லது. அது முடியாது என்றால் இந்த அட்டவணையாவது இருக்கட்டும்.

"சராசரி" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது

எளிமையாக எழுதுகிறேன் என்று இறங்குபவர்கள் தவறி விழும் இடம் இது. "கணக்கில் எப்போதும் 10,000 வைத்திருங்கள்" என்று எழுதினால் படிக்கச் சுலபமாக இருக்கும், ஆனால் தவறு. விதி அப்படிச் சொல்லவில்லை. மாதச் சராசரி என்பது, ஒவ்வொரு நாளின் முடிவிலும் கணக்கில் இருந்த தொகையை எல்லாம் கூட்டி, அந்த மாதத்தின் நாட்களால் வகுத்து வருவது.

ஒருவர் கணக்கில் ஜூலை 1 முதல் 10 வரை 20,000 இருக்கிறது. அப்புறம் செலவுகள் போய், 11 முதல் 31 வரை 3,000 மட்டும் இருக்கிறது. முதல் பத்து நாட்களுக்கு 2,00,000, அடுத்த 21 நாட்களுக்கு 63,000, ஆக 2,63,000. இதை 31-ஆல் வகுத்தால் 8,484. அதாவது மாதத்தின் பெரும்பகுதி 3,000-தான் இருந்தது என்றாலும், அவருக்குக் குறைவது 1,516 மட்டுமே. கட்டணம் 91.

"எப்போதும்" என்று எழுதியிருந்தால், 11-ஆம் தேதி இருப்பு குறைந்ததுமே இவர் பதறியிருப்பார். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. மாதக் கடைசி நாளில் 10,000 கணக்கில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 30 நாள் 2,000 வைத்துவிட்டு 31-ஆம் நாள் 10,000 ஆக்கினால் சராசரி 2,258-தான் வரும். கட்டணம் 465. இந்த இரண்டு தவறான எண்ணங்களையும் ஒரே ஒரு வாக்கியத்தால் தீர்த்துவிடலாம்: "ஒரு நாள் குறைந்ததாலேயே கட்டணம் வராது, மாதம் முழுவதற்கும் சேர்த்துத்தான் சராசரி பார்க்கிறோம், கடைசி நாளில் மட்டும் பணம் போட்டாலும் போதாது." இங்கே இரண்டு வரி நீளமானால் ஆகட்டும்.

தேதி ஒன்றல்ல, மூன்று

"01.07 முதல்" என்கிறது பழைய அறிவிப்பு. முதலில் ஒரு சின்ன விஷயம்: மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். நாளை முதலில் எழுதும் ஊர்களில் இது ஜூலை 1. அமெரிக்காவைப் போல மாதத்தை முதலில் எழுதும் இடத்தில் இருப்பவருக்கு இதே 01/07 ஜனவரி 7. வெளிநாட்டில் இருந்துகொண்டு கணக்கு வைத்திருப்பவரும் இந்தக் கடிதத்தைப் படிப்பார்.

பெரிய விஷயம், ஜூலை 1 அன்று உண்மையில் என்ன நடக்கிறது என்பது. வாடிக்கையாளரின் கணக்கில் அன்று எதுவும் நடப்பதில்லை. புது விதி அமலுக்கு வருகிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஜூலை 31 வரை ஒவ்வொரு நாள் இருப்பும் கணக்கில் எடுக்கப்படுகிறது. மாதம் முடிந்த பிறகு சராசரி பார்த்து, நம் உதாரணத்தில் ஆகஸ்ட் 5 அன்று பணம் பிடிக்கப்படுகிறது. "ஜூலை முதல்" என்று படித்தவர் ஜூலை முழுக்கக் கணக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பார், எதுவும் பிடிக்கப்படாததைக் கண்டு நிம்மதியாகிவிடுவார். ஆகஸ்டில் பணம் போகும்போது, வங்கி சொன்னது ஒன்று செய்வது ஒன்று என்று அவருக்குத் தோன்றும்.

மூன்றாவது தேதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அது இந்த அறிவிப்பிலேயே இல்லை. வேறு வகைக் கணக்குக்கு மாற விரும்புபவர் எந்த நாளுக்குள் சொல்ல வேண்டும்? கோரிக்கையைச் செயல்படுத்த வங்கிக்குச் சில வேலை நாட்கள் தேவைப்படும் என்றால், ஜூன் 30 அன்று கிளைக்கு வருபவருக்கு நேரம் கடந்துவிட்டது. ஜூன் 20-க்குள் சொன்னால்தான் ஜூலை 1-க்குள் மாற்றம் முடியும் என்றால் அந்த ஜூன் 20-தான் கடிதத்தில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டிய தேதி. வாடிக்கையாளர் கையில் இருக்கும் ஒரே தேதி அது. மற்ற இரண்டும் வங்கி செய்யப்போகும் காரியங்களின் தேதிகள்.

முன்கூட்டி எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பதற்குச் சட்டங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பணம் செலுத்தும் கணக்குகளின் ஒப்பந்த நிபந்தனைகளை மாற்ற இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அமெரிக்காவில் வைப்புக் கணக்கில் வாடிக்கையாளருக்குப் பாதகமான மாற்றம் என்றால் பொதுவாக 30 நாள், கடன் அட்டையின் முக்கிய மாற்றங்களுக்கு 45 நாள். ஆனால் இந்த நாட்கள் எல்லாம் கடிதம் கிளம்புவதற்கான கணக்கு. கடிதத்துக்குள் கடைசித் தேதி தெரியவில்லை என்றால், இரண்டு மாதம் முன்பே அனுப்பியும் வாடிக்கையாளர் கோட்டை விடுவார்.

"கிளையை அணுகலாம்" என்பது ஒரு வழியா?

"ஏற்க விரும்பாதவர்கள் கிளையை அணுகலாம்." அங்கே போய் என்ன கேட்பது? என்ன கேட்கலாம் என்று தெரியாதவர் போகமாட்டார், போனாலும் வரிசையில் நின்று "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்றுதான் கேட்பார். வழிகள் என்னென்ன, ஒவ்வொன்றிலும் எதைப் பெறுகிறோம், எதை விடுகிறோம் என்று கடிதமே சொல்ல வேண்டும்.

நான் எழுதினால், ஒன்றும் செய்யாமல் இருப்பதை முதல் வழியாக வைப்பேன். கடிதத்தை வாங்கியவர்களில் பலர் அதைத்தான் செய்வார்கள். சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: கணக்கு தொடரும், புதிய கட்டணம் தானாகப் பொருந்தும். மறுப்புச் சொல்லாமல் இருப்பதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்களில் இந்த வரி இல்லாமல் கடிதம் அனுப்பவே கூடாது.

அடுத்தது, இருப்பை உயர்த்திக்கொள்வது. இது நேரடியானது. மூன்றாவது, குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்குக்கு மாறுவது. இங்கே வங்கிகள் எழுதும் அறிவிப்பில் இரண்டு தகவல்கள் விட்டுப்போகும். ஒன்று, கணக்கு எண் மாறுமா மாறாதா? சம்பளம் வருவதும், மாதத் தவணை தானாகப் போவதும் அந்த எண்ணை நம்பித்தான். எண் மாறாது என்ற ஒற்றை வரி பலருடைய தயக்கத்தைப் போக்கிவிடும். இரண்டு, மாறினால் எந்த வசதி குறையும்? இலவசமாகப் பணம் எடுக்கும் தடவை குறையலாம், காசோலைப் புத்தகம் கிடைக்காமல் போகலாம். அதைச் சொல்லாமல் மாற்றிவிட்டால், இன்னொரு கட்டணத்தில் கொண்டுபோய் விட்ட மாதிரி ஆகிவிடும்.

கடைசி வழி, கணக்கை மூடுவது. இதை எழுத வங்கிக்கு மனம் வராது. ஆனால் நாம் விலை ஏற்றும்போது விலகிப் போகும் உரிமை அவருக்கு உண்டு என்றால் அதையும் அதே எழுத்தளவில் எழுத வேண்டும். மூடுவதற்குக் கட்டணம் உண்டா, எந்தத் தேதி வரை இல்லை, மூடும் முன் எதை வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்து.

திருத்தி எழுதிய அறிவிப்பு

மேலே சொன்னதை எல்லாம் சேர்த்தால் இப்படி வருகிறது:

> ஜூலை 1 முதல், உங்கள் கணக்கின் மாதச் சராசரி இருப்பு 10,000-க்குக் கீழே போனால் கட்டணம் உண்டு. இதுவரை இந்த வரம்பு 5,000.
>
> வேறு கணக்குக்கு மாற விரும்பினால் ஜூன் 20-க்குள் சொல்லுங்கள்.
>
> இது சாதாரண சேமிப்புக் கணக்குகளுக்கு மட்டும். சம்பளக் கணக்கு, அடிப்படைக் கணக்கு ஆகியவற்றுக்கு எந்த மாற்றமும் இல்லை.
>
> எவ்வளவு? 10,000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 6 சதவீதம். அதிகபட்சம் மாதம் 500. இதுவரை எவ்வளவு குறைந்தாலும் மாதம் 100 மட்டும். உதாரணமாக, சராசரி 7,000 என்றால் இதுவரை கட்டணம் இல்லை, இனி 180. சராசரி 4,000 என்றால் இதுவரை 100, இனி 360.
>
> சராசரியை எப்படிப் பார்க்கிறோம்? தினமும் நாள் முடிவில் கணக்கில் இருக்கும் தொகையைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுக்கிறோம். ஓரிரு நாள் குறைந்தாலும் சராசரி 10,000 இருந்தால் கட்டணம் இல்லை. கடைசி நாளில் மட்டும் பணம் போட்டால் போதாது.
>
> எப்போது பிடிப்போம்? ஜூலை மாதத்துக்கான கட்டணத்தை ஆகஸ்ட் 5 அன்று கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதத்துக்குப் பழைய விதியே பொருந்தும்.
>
> நீங்கள் என்ன செய்யலாம்?
> ஒன்றும் செய்யாவிட்டால் கணக்கு அப்படியே தொடரும். புதிய கட்டணம் பொருந்தும்.
> சராசரி 10,000 வைத்திருந்தால் கட்டணம் இல்லை.
> அடிப்படைக் கணக்குக்கு மாறலாம். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை, கணக்கு எண் மாறாது. ஆனால் மாதம் 4 முறைதான் இலவசமாகப் பணம் எடுக்கலாம், காசோலைப் புத்தகம் கிடையாது. ஜூன் 20-க்குப் பிறகு கேட்டால் ஆகஸ்ட் 1 முதல்தான் மாறும், ஜூலைக்குக் கட்டணம் வரலாம்.
> ஜூன் 30 வரை கட்டணம் இல்லாமல் கணக்கை மூடலாம். அதற்கு முன் சம்பளம், மாதத் தவணை ஆகியவற்றை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.
>
> மாற, வங்கிச் செயலியில் "கணக்கு வகை" பகுதிக்குச் செல்லுங்கள், அல்லது கிளையில் "அடிப்படைக் கணக்குக்கு மாற வேண்டும்" என்று கேளுங்கள். இதற்காக நாங்கள் கடவுச்சொல்லோ ஓடிபியோ கேட்டு அழைக்க மாட்டோம்.

பழையதைவிட இது நீளம். அதில் தவறில்லை. முதல் இரண்டு வரிகளோடு நிறுத்திவிடுபவருக்கும் தலையாய செய்தியும் கடைசித் தேதியும் கிடைத்துவிடுகின்றன, மீதி வேண்டியவருக்கு வேண்டியது அதற்குரிய கேள்வியின் கீழ் இருக்கிறது. "சேவைகளை மேம்படுத்தும் முயற்சியின் அங்கமாக" என்ற வரியை நீக்கிவிட்டேன். கட்டணம் ஏறுவதற்கு உண்மையான காரணம் ஏதாவது இருந்தால் கடைசியில் ஒரு வரி சொல்லலாம். இல்லையென்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

எஸ்எம்எஸ் அனுப்பும்போது இன்னொரு நெருக்கடி வரும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் இடம் உண்டு, தமிழுக்கு 70-தான். அதிலும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். "1 ஜூலை முதல் சராசரி இருப்பு 10,000க்குக் குறைந்தால் கட்டணம்." என்பதற்கே 60 ஆகிவிடுகிறது. எனவே முழுச் செய்தியையும் எஸ்எம்எஸ்ஸில் திணிக்கப் பார்க்காமல், இந்த ஒரு வரியையும் ஜூன் 20 என்ற தேதியையும் இரண்டு பகுதியாக அனுப்பி, மற்றதைச் செயலியில் பார்க்கச் சொல்வதே சரி. "இங்கே சொடுக்குங்கள்" என்று இணைப்பு வைப்பதை நான் தவிர்ப்பேன், மோசடிச் செய்திகளும் அப்படித்தான் வருகின்றன.

அனுப்பும் முன் ஒரு சோதனை

எழுதி முடித்ததும் வங்கி வேலையோடு தொடர்பில்லாத நாலைந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். "புரிகிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, "உங்கள் சராசரி 8,000 என்றால் ஆகஸ்டில் எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள். விடை 120. "ஜூன் 25 அன்று கணக்கை மாற்றச் சொன்னால் ஜூலைக்குக் கட்டணம் வருமா?" என்று கேளுங்கள். வரலாம் என்பது விடை. ஒருவர் தடுமாறினால் அவர் எந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார் என்று கவனியுங்கள், திருத்த வேண்டிய இடம் அங்கேதான் இருக்கும். 8,000-க்கு 480 என்று யாராவது சொன்னால், குறைகிற தொகையில் 6 சதவீதம் என்பது அவருக்கு எட்டவில்லை, இருப்பு முழுவதிலும் 6 சதவீதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அப்படி நடந்தால் உதாரணத்தில் "10,000-க்கு 3,000 குறைகிறது, அதில் 6 சதவீதம்" என்று கணக்கை விரித்துக் காட்டிவிடுங்கள்.

ஒன்று மிச்சமிருக்கிறது. ஆகஸ்ட் 5 அன்று கணக்கு அறிக்கையில் `AMB CHRG` என்பது போன்ற ஒரு சுருக்கக் குறியோடு பணம் கழிந்தால், மே மாதம் நாம் எழுதிய கடிதத்தோடு வாடிக்கையாளர் அதைச் சேர்த்துப் பார்க்க வழியில்லை. கடிதத்தில் எந்தப் பெயரில் சொன்னோமோ அதே பெயர் அறிக்கையிலும் வர வேண்டும்: "சராசரி இருப்புக் கட்டணம், ஜூலை: சராசரி 8,484, குறைந்தது 1,516, கட்டணம் 91."